துணையலகு மாறல் முறை

வலப்பக்கம் சுழியாக இல்லாத நேரியல் வகைக்கெழுச் சமன்பாட்டுக்குச் சிறப்புத் தீர்வு காணும் பொதுவழியே துணையலகு மாறல் முறை. மாறிலிகளை மாறவிடும் முறை என்றும் இதைச் சொல்வதுண்டு. y″ + p(x)y′ + q(x)y = f(x) என்ற சமன்பாட்டில் f(x) இல்லையென்றால் பொதுத் தீர்வு c₁y₁ + c₂y₂ ஆகும். f(x) வந்தபின் c₁, c₂ என்ற மாறிலிகளின் இடத்தில் u₁(x), u₂(x) என்ற சார்புகளை வைத்து, அவை எப்படி மாறினால் சமன்பாடு நிறைவேறும் என்று தேடுகிறோம். இந்தத் தேடலின் நடுவே u₁′y₁ + u₂′y₂ = 0 என்றொரு நிபந்தனை நுழைகிறது. கணக்கைச் சுருக்கச் செய்த தந்திரம் என்ற அளவிலேயே பாடநூல்கள் பெரும்பாலும் அதைக் கடந்துவிடுகின்றன. முறையின் வரலாற்றைப் பார்த்தால் அந்த நிபந்தனைதான் முறையின் உயிர் என்பது விளங்கும்.

முதலில், ஊகம் எங்கே தோற்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மாறாக் கெழுக்களுள்ள சமன்பாட்டில் f(x) ஒரு பல்லுறுப்புக் கோவையாகவோ, அடுக்குக்குறிச் சார்பாகவோ, சைன், கோசைனாகவோ, இவற்றின் பெருக்கலாகவோ இருந்தால், அதே வடிவில் ஒரு விடையை ஊகித்துக் கெழுக்களைக் கண்டுபிடித்துவிடலாம். இத்தகைய சார்புகளை எத்தனை முறை வகையிட்டாலும் எண்ணி முடிக்கக்கூடிய சில உறுப்புகளே திரும்பத் திரும்ப வருவதுதான் காரணம். y″ + y = cos x போன்ற சமன்பாட்டில் முதல் ஊகம் பலிக்காது; ஆனால் அதை x ஆல் பெருக்கினால் சரியாகிவிடும். எனவே அது திருத்தக்கூடிய தோல்வி. y″ + y = 1/cos x அப்படிப்பட்டதன்று. வலப்பக்கத்தை வகையிடும்தோறும் cos x இன் உயர்ந்த அடுக்குகள் பகுதியில் வந்துகொண்டே இருக்கும், பட்டியல் முடியாது. இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஊகித்தால் பலிக்காதா என்று கேட்கலாம். பலிக்காது. ஊகமுறை கையாளும் சார்புகள் எல்லாமே x இன் எந்த முடிவுள்ள மதிப்பிலும் முடிவுள்ளவையாகவே இருக்கும். 1/cos x ஓ x = π/2 ஐ நெருங்கும்போது எல்லையின்றி வளர்கிறது. அவற்றையும் அவற்றின் வகைக்கெழுக்களையும் எப்படிக் கூட்டினாலும் 1/cos x கிடைக்காது.

முறை பிறந்த இடம் இந்தத் தோல்வியன்று, வானியல். முதல் வரிசைச் சமன்பாட்டைத் தீர்க்க யோகான் பெர்னூலி 1697இல் விடையை இரு சார்புகளின் பெருக்கலாக எழுதியதில் இதன் வித்து இருக்கிறது. ஆனால் மாறிலிகளை மாறவிடும் எண்ணம் வியாழனும் சனியும் ஒன்றையொன்று இழுப்பதைப் பற்றிய ஆய்லரின் 1748ஆம் ஆண்டு ஆய்வில்தான் உருப்பெற்றது. சூரியன் மட்டும் இழுத்தால் ஒரு கோள் மாறாத நீள்வட்டத்தில் சுற்றும். அந்த நீள்வட்டத்தையும் அதில் கோள் இருக்கும் இடத்தையும் ஆறு எண்கள் முழுமையாகச் சொல்லிவிடும். இன்னொரு கோளின் இழுப்பு சேர்ந்தால் பாதை நீள்வட்டமாக இராது. அப்போது நீள்வட்டத்தையே கைவிடாமல், அந்த ஆறு எண்களும் மெல்ல மாறுவதாகக் கொள்வதே புதிய எண்ணம். லாக்ராஞ்ச் 1766இல் இதை மேலும் வளர்த்தார். 1770களில் பொதுவான நேரியல் சமன்பாடுகளுக்கும் கொண்டுவந்தார். 1808க்கும் 1810க்கும் இடையே, எழுபது வயதைக் கடந்த நிலையில், கோள்களின் சுற்றுப்பாதைக் கூறுகளுக்கான இறுதி வடிவத்தை அளித்தார்.

அந்த நிபந்தனையின் பொருள் இங்கேதான் புலப்படுகிறது. கோள் எந்தக் கணத்திலும் எந்த நீள்வட்டத்தில் இருப்பதாகச் சொல்வது? இரண்டாம் கோளின் இழுப்பு அந்தக் கணத்தில் அற்றுப்போனால் அது எந்த நீள்வட்டத்தில் தொடர்ந்து செல்லுமோ, அதில். அதாவது, நீள்வட்டத்தின் மீதுள்ள இடமும் அங்குள்ள திசைவேகமும் கோளின் உண்மையான இடத்தோடும் திசைவேகத்தோடும் ஒத்திருக்க வேண்டும். இதையே நம் சமன்பாட்டில் எழுதினால், y = u₁y₁ + u₂y₂ என்பது இடம்; y′ = u₁y₁′ + u₂y₂′ என்பது திசைவேகம். முதலாவதை வகையிட்டு இரண்டாவதோடு ஒப்பிட்டால் எஞ்சுவது u₁′y₁ + u₂′y₂ = 0. நாம் வலிந்து திணித்ததாகத் தோன்றிய நிபந்தனை, திசைவேகம் ஒத்திருக்க வேண்டும் என்ற கோரிக்கையேதான்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். நம் விருப்பத்துக்கு ஒரு நிபந்தனை விதித்தால் உண்மையான தீர்வு அதற்குள் அடங்காமல் போகலாமே என்பது முதலாவது. அப்படி ஆகாது: y, y′ இரண்டும் தெரிந்தால் மேற்கண்ட இரு சமன்பாடுகளிலிருந்து u₁, u₂ ஐ ஒரே விதமாகக் கண்டுபிடிக்க முடியும். அதற்கு W = y₁y₂′ − y₁′y₂ சுழியாக இல்லாதிருந்தால் போதும்; y₁, y₂ நேரியலாகச் சாராத தீர்வுகள் என்பதால் p, q தொடர்ச்சியாக உள்ள இடைவெளியில் அது சுழியாவதில்லை. வ்ரோன்ஸ்கி 1812இல் எடுத்தாண்ட இந்த அணிக்கோவைக்கு அவர் பெயரைச் சூட்டியவர் தாமஸ் மியூர்; ஆண்டு 1882. இரண்டாவது மறுப்பு, வேறொரு நிபந்தனையும் செல்லுமே என்பது. செல்லும்தான். ஆனால் அப்போது பொதுவாக u₁, u₂ இன் இரண்டாம் வகைக்கெழுக்கள் சமன்பாட்டில் புகுந்துவிடும். ஒவ்வொரு கணத்துக்கும் உரிய இயக்கம் என்ற பொருளும் கெடும்.

இப்போது y″ + y = 1/cos x ஐத் தீர்ப்போம். y₁ = cos x, y₂ = sin x; W = 1. நிபந்தனையைப் பயன்படுத்தி y″ ஐச் சமன்பாட்டில் இட்டால் u₁′y₁′ + u₂′y₂′ = f என்று கிடைக்கும். நிபந்தனையோடு சேர்த்துத் தீர்த்தால் u₁′ = −f y₂/W = −tan x, u₂′ = f y₁/W = 1. x = 0 இல் இரண்டையும் சுழியாகக் கொண்டு தொகையிட்டால் u₁ = ln(cos x), u₂ = x. ஆகவே சிறப்புத் தீர்வு cos x · ln(cos x) + x sin x. இந்த மடக்கையை யாராலும் ஊகித்திருக்க முடியாது. x ஐக் காலமாகக் கொண்டு x = π/3 இல் நிறுத்திப் பார்த்தால் u₁ ≈ −0.693, u₂ ≈ 1.047. அந்தக் கணத்தில் வலப்பக்க விசை நின்றுபோனால் இயக்கம் −0.693 cos x + 1.047 sin x என்றே தொடரும். விசை இருக்கும்வரை இந்த இரண்டு எண்களும் மாறும். x = π/2 ஐ நெருங்கும்போது y இன் மதிப்பு π/2 ஐ அடைகிறது; y′ மட்டும் எல்லையின்றி வளர்கிறது. எனவே x = 0 இல் தொடங்கிய இந்தத் தீர்வு −π/2க்கும் π/2க்கும் இடையில்தான் செல்லும்.

நடைமுறையில் அதிகம் நேரும் பிழை, y″ இன் கெழுவை 1 ஆக்காமலே f ஐ எடுத்துவிடுவது. x²y″ − 2y = x³ என்பதில் f என்பது x³ அன்று; x² ஆல் வகுத்தபின் கிடைக்கும் x. சரியான விடை x³/4. அதை மூலச் சமன்பாட்டில் இட்டால் x³ வந்துவிடும். தவறான f ஐ எடுத்திருந்தால் இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

முறைக்கு எல்லைகளும் உண்டு. y₁, y₂ முன்பே தெரிந்திருக்க வேண்டும். கெழுக்கள் மாறும்போது அவற்றைக் காண்பதே பெரும்பாடு. அவை தெரிந்தாலும் தொகை அறிந்த சார்புகளில் முடியாமல் போகலாம்: y″ + y = 1/x இல் cos x / x ஐத் தொகையிட வேண்டும்; அதற்கு எளிய வடிவம் கிடையாது. அப்படியானால் ஒரு கடினத்தை இன்னொரு கடினமாக மாற்றியதுதானே என்று கேட்கலாம். ஆனால் இரண்டும் சமமல்ல. ஊகம் தோற்றால் கையில் எதுவும் மிஞ்சாது. இங்கே y = ∫ₐˣ sin(x − t) f(t) dt என்ற முழு விடை கையில் இருக்கிறது; f ஐ அளவீட்டுப் பட்டியலாக மட்டுமே அறிந்திருந்தாலும் அதை வேண்டிய துல்லியத்துக்கு எண்களில் கணக்கிடலாம்.