லெப்பை ஏன் ஊர் திரும்பினார்?

நம் சங்கம் தோன்றுவதற்கு முன்பே, பினாங்கு சூலியா தெருவில் ஒரு கடையின் மாடியில் இரவு மக்தப் நடந்தது. அங்கே பிள்ளைகளுக்குக் குர்ஆனும் தமிழும் ஓதிக் கொடுத்தவரை எல்லாரும் லெப்பை என்றே அழைத்தார்கள். பகலில் அதே கடையில் அவர் சிப்பந்தி. சங்கத்தின் முதல் நிர்வாகிகளில் பலர் அவரிடம் ஓதியவர்கள். அவரைப் பற்றி இம்மலரில் எழுத நினைத்தபோது, எங்கள் குடும்பங்களில் உள்ள பெரியவர்கள் ஆறு பேரின் நினைவுகளைப் பதிவு செய்தோம்.

அவர்களில் நால்வர் ஒரே கதையைச் சொன்னார்கள். கடை முதலாளி சம்பளத்தில் கை வைத்தார், நோன்பில் சண்டை வந்தது, லெப்பை கோபித்துக்கொண்டு கப்பலேறிவிட்டார் என்பது அது. ஐந்தாமவர் அந்த முதலாளியின் மகள். எங்களுக்குப் பெரியம்மா முறை. "அத்தாவைப் பற்றி ஏற்கெனவே பேசியது போதாதா தம்பி" என்று முதல் நாள் ஒலிப்பதிவுக் கருவியை மூடச் சொல்லிவிட்டார். ஒரு பெரிய மனிதர் ஊரை விட்டுப் போன பழி ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்த வீட்டின் மீது இருந்தது.

நால்வர் சொன்னதால் நான்கு சாட்சிகள் ஆகிவிடாது. விசாரித்ததில் மூவர் அதை நான்காமவரிடம் கேட்டவர்கள். அதனால் "என்ன நடந்தது" என்று கேட்பதை விட்டு, "நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன" என்று தனித்தனியே கேட்டோம். எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தால் மூத்தவர் சொன்னதற்கு மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

வருடம் எது என்றும் கேட்கவில்லை. நம் பெரியவர்களின் நினைவு பிறை கணக்கில் ஓடுகிறது. அடுத்த முறை போனபோது பெரியம்மாவே பேசினார். "அந்த வருஷம் மீலாது சத்தமில்லாமல் போச்சு, வெளியே ஊரடங்கு பயம். மௌலூது ஓதியது லெப்பைதான். அடுத்த நோன்புக்கு அவர் இல்லை" என்றார். ஊரடங்கு என்றால் 1969 மே 13 கலவரத்தை ஒட்டியது. ஹிஜ்ரி 1389இன் மீலாது அந்த மே மாத இறுதியில் வந்தது, நோன்பு நவம்பரில் தொடங்கியது. ஆக, அவர் போனது இந்த இரண்டுக்கும் இடையில். பிறையை ஆங்கிலத் தேதியாக மாற்றும்போது ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்பதால் மாதத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

அடுத்து மக்தபின் கணக்குப் புத்தகம். சண்டைக்கு அதில் தடயம் இருக்கிறது. 1387 ரமளானில், அதாவது 1967 டிசம்பரில், லெப்பையின் பெயருக்கு எதிரே தொகை இல்லை. ஷவ்வாலில் இரண்டு மாதப் பணமும் சேர்ந்து வந்திருக்கிறது. பிறகு ஏறக்குறைய ஒன்றரை வருடம் பாக்கியில்லாமல் கொடுத்திருக்கிறார்கள். சண்டை நடந்தது உண்மை, அவர் போனதும் உண்மை. இரண்டையும் "அதனால்" என்று சேர்த்தது பின்னால் வந்த பேச்சு.

சரக்கு வாங்கத் தமிழகம் போனபோது லெப்பையின் பிள்ளைகளைப் பார்த்தோம். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1969 ஆகஸ்டில் பினாங்கிலிருந்து வெளியேறிய முத்திரையும் நாகப்பட்டினத்தில் இறங்கிய முத்திரையும் அதில் உள்ளன. அதிலுள்ள பெயரை அடையாளம் காணச் சற்று நேரம் பிடித்தது. கணக்கில் லெப்பை என்று மட்டும் இருப்பவர், அங்கே தகப்பனார் பெயரோடு வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறார். பிறந்த ஊரும் படமும்தான் உறுதி செய்தன.

முத்திரை தேதியைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணம் எங்களிடமே, பெரியம்மாவின் தகரப் பெட்டியில் கிடந்தது. லெப்பை முதலாளிக்கு எழுதிய வான்மடல். அரபுத்தமிழில் இருந்ததால் அவர் வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை, ஏதோ துஆ என்று எண்ணி எடுத்து வைத்திருந்தார்கள். நாங்கள் பதிவு செய்த ஆறாமவர், எண்பத்தேழு வயது மாமா, வாசித்துக் காட்டினார். தேதி ரஜப் 1389, அஞ்சல் முத்திரை அக்டோபர் 1969. இரண்டும் பொருந்துகின்றன.

குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் 1968இல் இயற்றப்பட்டு மறு வருடம் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்களும் அதில் அகப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான நம்மவர்கள் அப்போது கப்பலேறினார்கள். லெப்பையும் சிவப்பு அட்டைக்காரர்தான். பெர்மிட்டுக்காக முதலாளி இரண்டு முறை அலைந்ததற்கு நன்றி சொல்லி, "உங்கள் மேல் எனக்கு மனக்குறை இல்லை, பிள்ளைகளின் ஓதல் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருக்கிறார். மனக்குறை இல்லை என்று எழுத வேண்டி வந்ததே, அப்போதே பேச்சு கிளம்பியிருந்தது என்பதைக் காட்டுகிறது என்று நினைக்கிறோம்.

மாமா வாசித்ததை அப்படியே பதிவு செய்து, மடலின் படத்தையும் தமிழ் எழுத்தில் பெயர்த்ததையும் சேர்த்துச் சங்க நூலகத்தில் வைத்துள்ளோம். நால்வரின் கதையையும் அழிக்கவில்லை, பக்கத்திலேயே இருக்கிறது. மூல மடலைப் பெரியம்மா திரும்ப வாங்கிக்கொண்டார். பேரப்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட மாமாவை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.