ஒஸ்தா மாமாவும் டொக்டரும் செய்தது ஒரே வேலைதானே?

"இப்ப எங்கட ஊர்ல சாதி இல்ல, காசு இருக்கிறவன், இல்லாதவன் எண்ட ரெண்டுதான்" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். இது பாதி உண்மை. மீதிப் பாதியை விளங்கிக்கொள்ள இலங்கை வரலாற்றிலிருந்து இரண்டு விடயங்களைப் பார்த்துவிட்டு நம்மிடம் வருவோம்.

வர்க்கம் என்பது சொத்து, வருமானம், தொழில் ஆகியவற்றால் வருவது. உழைத்தால் ஏறலாம், நட்டப்பட்டால் இறங்கலாம். சாதி பிறப்பால் வருவது. யாருடைய வீட்டில் யார் பெண் எடுப்பது என்பதில்தான் அது முக்கியமாக உயிர் வாழ்கிறது.

19ஆம் நூற்றாண்டில் கரையோரக் கராவ சாதியைச் சேர்ந்த பல சிங்களக் குடும்பங்கள் சாராயக் குத்தகை, காரீயம், தென்னந்தோட்டம் என்று பெரும் பணம் சேர்த்தன. பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பி டொக்டர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் ஆக்கின. வர்க்கத்தால் கொவிகம பெருங்குடும்பங்களுக்கு அவர்கள் சமமாகிவிட்டார்கள். 1911இல் சட்டசபையில் படித்த இலங்கையருக்கான ஓர் ஆசனத்துக்குத் தேர்தல் நடந்தது. வாக்காளர்கள் நாடு முழுவதிலும் மூவாயிரத்துக்கும் குறைவு; எல்லோரும் ஆங்கிலம் படித்த மேல்தட்டினர். போட்டியிட்டவர்கள் கராவ சாதியைச் சேர்ந்த டொக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவும், சோனகர் வரலாறு பற்றிய சர்ச்சையில் நாம் நன்கறிந்த பொன்னம்பலம் இராமநாதனும். கொவிகம வாக்காளர் பலர் ஒரு கராவ சிங்களவரை விட வேளாளத் தமிழரே மேல் என்று இராமநாதனை ஆதரித்தார்கள். அவர் வென்றார். ஒரே படிப்பும் ஒரே வசதியும் உள்ளவர்களுக்குள்ளேயே சாதி கோடு கிழித்தது.

இனி ஏணியின் அடியில் பார்ப்போம். பிரித்தானியர் காலத்தில் கண்டி, கொழும்பு போன்ற நகரங்களில் வாளிக் கக்கூஸ்களைச் சுத்தம் செய்யவும் தெருக் கூட்டவும் தென்னிந்தியாவிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கொண்டுவந்தார்கள். கண்டி மஹியாவையில் இன்றும் அவர்களின் சந்ததியினர் வாழ்கிறார்கள். வாளி போய்விட்டது, உழவு இயந்திரமும் லொறியும் வந்துவிட்டன. மாநகர சபையில் நிரந்தரமானவருக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. வர்க்கக் கணக்கில் நாட்கூலிக்காரரை விட இது உறுதியான தொழில். ஆனாலும் பெற்றோர் பார்த்த வேலைக்கே பிள்ளைகளும் போவது பல குடும்பங்களில் தொடர்ந்தது. சபை கொடுத்த வீட்டில் குடியிருந்தார்கள், வெளியே வேலை தேடினால் முகவரியே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. இங்கே வறுமையும் சாதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சம்பளத்தைக் கூட்டினால் வறுமை குறையும், முகவரியின் இழிவு அதனால் மட்டும் போகாது.

இது சிங்களவர், தமிழர் பிரச்சினை, நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். முடி வெட்டுவதும் பிள்ளைகளுக்குக் கத்னா செய்வதும் ஒஸ்தாமாரின் பரம்பரைத் தொழிலாக இருந்தன. ஒரே பள்ளியில் ஒரே ஸப்பில் தொழுதோம். ஆனால் கலியாணப் பேச்சு வந்தால் அவர்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே எடுத்துக் கொடுத்தார்கள். மற்றவர்கள் அங்கே போகவில்லை. இதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வழக்கம் மட்டும் நின்றது.

இன்று அந்த இரண்டு தொழில்களும் மாறிவிட்டன. கத்னாவைப் பெரும்பாலும் டொக்டர் செய்கிறார். அதே வெட்டு, அதே காயம், அதே கட்டு. ஆனால் டொக்டரை மாப்பிள்ளையாக எடுக்க வரிசையில் நிற்கிறோம். வேலை அசுத்தம் என்பதால்தான் ஒஸ்தா ஒதுக்கப்பட்டார் என்றால் டொக்டரையும் ஒதுக்கியிருக்க வேண்டும். ஆகவே காரணம் வேலையில் இல்லை. டொக்டர் பரீட்சை எழுதி அந்த வேலைக்கு வந்தார், ஒஸ்தா பிறந்து வந்தார் என்று நாம் பார்க்கிறோம்.

முடி வெட்டும் தொழிலும் அப்படித்தான். கண்ணாடியும் ஏசியும் போட்டு சலூன் திறக்க இன்று முதல் வேண்டும், யாரும் திறக்கலாம். வெளியூரில் படித்து வந்த இளைஞன் திறந்தால் அவனை "பிஸ்னஸ்காரன்" என்கிறோம். ஒஸ்தா குடும்பத்துப் பிள்ளை அதைவிடப் பெரிய சலூன் வைத்தாலும், ஆசிரியராகவோ கணக்காளராகவோ ஆனாலும், புரோக்கர் வந்தவுடன் நாம் கேட்கும் முதல் கேள்வி, "அவர்ர வாப்பாட வாப்பா யாரு?" என்பதுதான். வருமானத்தைக் கேட்பது வர்க்கம். பாட்டனைக் கேட்பது சாதி. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறோம்.

வகுப்பறைகளிலும் இது நடக்கிறது. புலமைப்பரிசிலில் சித்தியடைந்த பிள்ளையைக் கூட "ஒஸ்தாட மகன்" என்று கூப்பிடும் சிறுவர்கள் இருக்கிறார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்துதான் கிடைக்கிறது. அதை அங்கேயே நிறுத்த நம்மால் முடியும்.