பதிவாளருக்கு ஒரு கடிதம்: காலநீடிப்பைக் கோருவது எவ்வாறு?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அனுமதி பெற்ற எமது மாணவர்கள் ஆண்டுதோறும் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் ஒரே விதமான நெருக்கடியைச் சந்திக்கின்றனர். அனுமதிக் கடிதம் கையிலிருக்கும். முற்பணமும் செலுத்தப்பட்டிருக்கும். ஆனால் வீசா உரிய நாளில் கிடைக்காது என்பது தெளிவாகிவிடும். அவ்வேளையில் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதப்படும் ஒரு கடிதமே அந்த ஆண்டின் கல்வி தொடருமா என்பதைத் தீர்மானிக்கக்கூடும். அக்கடிதம் எவ்வாறு அமையவேண்டும் என்பதைப் பிரித்தானியாவுக்குச் செல்லவிருக்கும் ஒரு மாணவியின் நிலையை உதாரணமாகக் கொண்டு நோக்குவோம்.

கல்முனையைச் சேர்ந்த அம்மாணவிக்கு ஓராண்டு முதுமாணிப் பாடநெறியில் இடம் கிடைத்திருக்கிறது எனக் கொள்வோம். பாடநெறி செப்டெம்பர் 21ஆம் திகதி ஆரம்பமாகிறது. தாமதமாக வருவோர் பதிவு செய்வதற்கான இறுதித் திகதி ஒக்டோபர் 5. பல்கலைக்கழகம் 'காஸ்' எனப்படும் கல்விக்கான ஏற்பு உறுதிப்படுத்தலை ஏற்கெனவே வழங்கியுள்ளது. கட்டணத்தின் மீதிக்காகவும் வாழ்க்கைச் செலவுக்காகவும் தந்தையார் காணியொன்றை விற்றார். அப்பணம் ஓகஸ்ட் 24ஆம் திகதியே வங்கிக் கணக்கில் சேர்ந்தது.

பிரித்தானிய மாணவர் வீசா விதிகளின்படி தேவையான தொகை தொடர்ச்சியாக 28 நாட்கள் கணக்கில் இருந்திருக்கவேண்டும். ஒருநாளேனும் தொகை குறையுமாயின் நாட்களை மீண்டும் முதலிலிருந்தே கணக்கிட நேரிடும். ஓகஸ்ட் 24ஐ முதல் நாளாகக் கொண்டால் 28ஆவது நாள் செப்டெம்பர் 20 ஆகும். எனவே செப்டெம்பர் 21ஆம் திகதியே அவர் விண்ணப்பிக்கலாம். நாட்டுக்கு வெளியிலிருந்து செய்யப்படும் இத்தகைய விண்ணப்பங்களுக்கு வழமையாக மூன்று வாரங்களுள் முடிவு கிடைக்கும். அதாவது ஒக்டோபர் 12. பயண ஏற்பாடுகளுக்கு ஒரு வாரத்தைச் சேர்த்தால் அவர் வளாகத்தை அடையக்கூடிய நாள் ஒக்டோபர் 19. ஆகவே அவருக்குத் தேவைப்படுவது 14 நாள் நீடிப்பாகும். இந்தக் கணக்கைச் செய்து முடிக்கும்வரை கடிதத்தை எழுதத் தொடங்கலாகாது.

ஆனால் அம்மாணவி முதலில் எழுதிய கடிதத்தில் இக்கணக்கு இடம்பெறவில்லை. இரண்டு பக்கங்களுக்கு நீண்ட அக்கடிதம் "மாண்புமிகு ஐயா, தங்கள் பாதம் பணிந்து வேண்டிக்கொள்கிறேன்" என ஆரம்பித்தது. தந்தையின் சுகவீனம், காணி விற்பனையில் ஏற்பட்ட இழுபறி, சிறுவயது முதலான கனவு என்பன அடுத்தடுத்து விவரிக்கப்பட்டன. இறுதிப் பந்தியில் "இயன்றளவு விரைவாக வந்து சேர்வேன், தயவுசெய்து ஆவன செய்யவும்" என்று மட்டுமே கோரிக்கை காணப்பட்டது. மாணவர் இலக்கமோ பாடநெறியின் பெயரோ கடிதத்தில் இல்லை.

இக்கடிதத்தைப் பெறும் அலுவலர் எதனைச் செய்யமுடியும்? யார் எழுதியது என்பதைத் தேடவேண்டும். எத்தனை நாட்கள் தேவை எனத் திரும்பவும் வினவவேண்டும். பருவகாலத்தின் ஆரம்பத்தில் நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்கள் குவியும் அலுவலகத்தில் அவ்வாறு ஒருமுறை வினவி விடைபெறுவதிலேயே ஒரு வாரம் கழிந்துவிடும். மேலும், அவர் இரக்கம் காட்டுவதா இல்லையா என்பதை ஆராய்வதில்லை. மாணவி தவறவிடும் விரிவுரைகளை ஈடுசெய்ய முடியுமா, குறிப்பிடும் நாளில் உண்மையில் வந்து சேர்வாரா என்ற இரண்டையுமே ஆராய்கிறார். வீசாவுக்கு அனுசரணை வழங்கும் நிறுவனம் என்ற வகையில், பதிவு செய்யாத மாணவர்களைக் குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவிக்கும் கடப்பாடும் பல்கலைக்கழகத்துக்கு உண்டு.

இவற்றைக் கருத்திற்கொண்டு திருத்தி எழுதப்பட்ட கடிதத்தின் பொருளைத் தமிழில் தருகிறோம். மின்னஞ்சலின் தலைப்பில் கோரிக்கை, மாணவர் இலக்கம், பாடநெறி ஆகிய மூன்றும் இடம்பெற்றன.

"பதிவாளர் அவர்களுக்கு,

செப்டெம்பர் 21இல் ஆரம்பமாகும் முதுமாணிப் பாடநெறிக்கு அனுமதி பெற்றுள்ளேன். பதிவு செய்வதற்கான இறுதித் திகதியை ஒக்டோபர் 5இலிருந்து ஒக்டோபர் 19 வரை நீடித்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வீசாவுக்குத் தேவையான தொகை ஓகஸ்ட் 24ஆம் திகதி எனது தந்தையின் கணக்கில் வைப்பிலிடப்பட்டது. 28 நாள் நிபந்தனை செப்டெம்பர் 20ஆம் திகதி பூர்த்தியாகும். மறுநாள் விண்ணப்பிப்பேன். முன்னுரிமைச் சேவை கிடைக்குமாயின் அதனைப் பயன்படுத்துவேன். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழை ஏற்கெனவே பெற்றுள்ளேன்.

முதல் நான்கு வார விரிவுரைகளை ஈடுசெய்வது குறித்துப் பாடநெறி இணைப்பாளருடன் தொடர்புகொண்டேன். அவரது பதிலும் வங்கிக் கூற்றும் சான்றிதழும் இணைக்கப்பட்டுள்ளன.

நீடிப்பு வழங்கப்படுமாயின் காஸ் பதிவிலும் புதிய திகதியைச் சேர்த்துதவுமாறு வேண்டுகிறேன். இயலாதவிடத்து, அடுத்த அனுமதிப் பருவத்துக்கு எனது இடத்தை மாற்றமுடியுமா என்பதைச் செப்டெம்பர் 14க்கு முன்னர் அறியத்தந்தால் நன்றியுடையவளாவேன்."

இக்கடிதத்தில் கோரிக்கை முதற் பந்தியிலேயே நிறைவுபெறுகிறது. காரணம் ஒன்றே கூறப்படுகிறது. அதற்கு ஆதாரமும் உண்டு. தந்தையின் சுகவீனம் தாமதத்துக்கு நேரடிக் காரணமாக அமையாததால் நீக்கப்பட்டது. அதுவே காரணமாயின் மருத்துவச் சான்றிதழுடன் ஒரு வசனத்தில் அதனைக் குறிப்பிடலாம். பணம் பெற்றோரின் கணக்கில் இருந்தால் வீசா விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழும் அவர்களது சம்மதக் கடிதமும் தேவைப்படும். அவற்றைப் பதிவாளருக்கு அனுப்பவேண்டியதில்லை.

மரியாதை குறித்து எம்மவரிடையே ஒரு மயக்கம் நிலவுகிறது. காலனித்துவக் கால அலுவலக ஆங்கிலத்திலிருந்து வந்த "பணிந்து வேண்டுகிறேன்", "ஆவன செய்யவும்" போன்ற தொடர்களைப் பணிவின் அடையாளமாக நாம் கருதுகிறோம். பிரித்தானிய அலுவலருக்கு முதலாவது மிகையாகவும் இரண்டாவது கட்டளையாகவும் தோன்றக்கூடும். அவரது நேரத்தை வீணாக்காமை, தீர்மானிக்கும் உரிமை அவருடையதே என ஏற்றுக்கொள்ளல், மறுப்புக்கும் இடமளித்தல் ஆகியவையே அங்கு மரியாதையாகக் கொள்ளப்படுகின்றன. மாற்று வழியைக் கேட்கும் இறுதி வசனம் அத்தகையதே.

அக்கடிதத்தில் மிகவும் பெறுமதியான வசனம் காஸ் பற்றியதாகும். பதிவாளர் மின்னஞ்சலில் "சரி" என்று பதிலளித்தாலும், காஸ் பதிவில் பழைய இறுதித் திகதியே இருந்தால் வீசா அதிகாரி அந்தத் திகதியையே நோக்குவார். ஒக்டோபர் 5 கடந்தபின் பரிசீலிக்கப்படும் விண்ணப்பம், உரிய நாளில் பாடநெறியில் சேரமுடியாது என்ற காரணத்தால் நிராகரிக்கப்படலாம். ஆகவே காஸ் பதிவில் புதிய திகதி குறிப்பாகச் சேர்க்கப்பட்டுவிட்டது என்பதை எழுத்துமூலம் உறுதிசெய்த பின்னரே விண்ணப்பிக்கவேண்டும். செப்டெம்பர் 14 என்ற நாள் கடிதத்தில் குறிப்பிடப்பட்டதும் அதற்கான அவகாசத்துக்காகவே.

எவ்வளவு சிறந்த கடிதமும் விதிகளுக்கு அப்பால் செல்லாது. ஆய்வுகூடப் பயிற்சியும் தொழில்சார் பயிற்சியும் முதல் வாரத்திலேயே ஆரம்பமாகும் பாடநெறிகளில் ஒரு வார நீடிப்புக்கூட மறுக்கப்படலாம். அந்நிலையில் அடுத்த பருவத்துக்கு இடத்தை மாற்றிக்கொள்வதே உகந்தது. அதற்குப் புதிய காஸ் தேவைப்படும். செலுத்திய முற்பணம் அடுத்த பருவத்துக்கு மாற்றப்படுமா என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளவேண்டும். இம்மாணவி தமது கடிதத்தை ஓகஸ்ட் 28ஆம் திகதியே அனுப்பியிருந்தால் இவை அனைத்துக்கும் காலம் உண்டு. ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு அனுப்பியிருந்தால், அதே சொற்கள் அவருக்குப் பயன்பட்டிரா.