பங்க் பண்பாடும் ஊக்கும்

பங்க் என்பது 1970களின் நடுப்பகுதியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் ராக் இசையை ஒட்டி உருவான இளைஞர் துணைப்பண்பாடு ஆகும். கிழிந்த சட்டை, கூராக நிறுத்திய தலைமுடி, உடையில் குத்திய ஊக்கு ஆகியவை அதன் வெளி அடையாளங்கள். தெருவில் தோன்றிய ஒரு தோற்றம் கடைச்சரக்காக மாறும்போது அதன் பொருள் என்ன ஆகிறது என்பதற்கு ஊக்கின் வரலாறு ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

தோற்றம்

ஊக்குக்கு 1849இல் அமெரிக்கரான வால்டர் ஹண்ட் காப்புரிமை பெற்றார். குழந்தையின் அணையாடையைப் பிணைக்கவும் கிழிந்த துணியைச் சேர்க்கவும் பயன்பட்ட மலிவான பொருள் அது. நியூயார்க் இசைக்கலைஞர் ரிச்சர்ட் ஹெல், கிழிந்த சட்டைகளை ஊக்கால் பிணைத்து மேடையேறினார். அவரது தோற்றம் லண்டனைச் சேர்ந்த மால்கம் மெக்லாரனைக் கவர்ந்தது.

1976இல் பிரிட்டனில் வேலையற்றோர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்நிலையில் கிழிசலை மறைக்காமல் எல்லோரும் பார்க்கும்படி ஊக்கால் பிணைத்து அணிவது, 'நல்ல உடை' என்ற எண்ணத்தையே கேலி செய்வதாக இருந்தது. சிலர் காதிலும் கன்னத்திலும்கூட ஊக்கைக் குத்திக்கொண்டனர். 1977இல் அரசியின் வெள்ளி விழாவை ஒட்டி, ஓவியர் ஜேமி ரீட் அரசியின் உதட்டில் ஊக்கு குத்தியதுபோல் ஒரு படத்தை உருவாக்கினார். அதே ஆண்டு ஜூன் மாதம் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் பாடகர் ஜானி ராட்டன் லண்டனில் கத்தியால் தாக்கப்பட்டார். பங்க் ஆகத் தோன்றுவது அன்று ஆபத்தான செயலாகவே இருந்தது.

கடையின் பங்கு

தெருவில் பிறந்த தூய பண்பாட்டை வணிகர்கள் பின்னர் கெடுத்தார்கள் என்று இக்கதையைச் சுருக்கிவிட முடியாது. தொடக்கத்திலேயே அங்கு ஒரு கடை இருந்தது. மெக்லாரனும் ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டும் லண்டன் கிங்ஸ் சாலை 430ஆம் எண் கட்டடத்தில் 1971 முதல் துணிக்கடை நடத்தினர். அக்கடை 1974இல் 'செக்ஸ்' என்றும், பின்னர் 'செடிஷனரீஸ்' என்றும் பெயர் மாறியது. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு அக்கடையைச் சுற்றியே உருவானது. ஆனால் அங்கு விற்ற உடைகளின் விலை அதிகம். வாங்க முடியாதவர்கள் பழைய சட்டையைத் தாங்களே கிழித்து, எழுத்துகளை வரைந்து, ஊக்கு குத்திக்கொண்டனர். ஒரே தோற்றத்துக்கு விலைக்கு வாங்கும் வழியும் கையால் செய்யும் வழியும் தொடக்கத்திலிருந்தே இருந்தன.

பொதுச்சந்தையில்

1977 கோடையில் பங்க் உடைகளை அஞ்சல் வழியாகவே வாங்க முடிந்தது. அதே ஆண்டு வடிவமைப்பாளர் சாண்ட்ரா ரோட்ஸ் ஓட்டைகளும் அலங்கார ஊக்குகளும் கொண்ட விலையுயர்ந்த ஆடைகளை வெளியிட்டார். 1994இல் நடிகை எலிசபெத் ஹர்லி ஒரு திரைப்பட முதற்காட்சிக்கு வெர்சாச்சி நிறுவனத்தின் கறுப்பு உடையில் வந்தார். அதன் பக்கவாட்டைப் பிணைத்திருந்தவை பெரிய பொன்னிற ஊக்குகள். 2013இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பங்க் உடைகளுக்கும் உயர்தர ஆடை வடிவமைப்புக்கும் உள்ள தொடர்பைக் கண்காட்சியாக வைத்தது.

இம்மாற்றத்தை ஆராய்ந்தவர் டிக் ஹெப்டிஜ். 1979இல் வெளியான தம் நூலில், சமூகம் இரண்டு வழிகளில் துணைப்பண்பாட்டை உள்வாங்குகிறது என்றார். ஒன்று, அதன் அடையாளங்களை விற்பனைப் பொருளாக்குவது. மற்றொன்று, அதன் மக்களைச் சாதாரணமானவர்களாகவோ வேடிக்கையானவர்களாகவோ காட்டி அச்சத்தைப் போக்குவது.

பொருள் நிலைத்ததா?

1976இன் ஊக்கில் இரண்டு செய்திகள் இருந்தன. அது வறுமையின் கைவேலை. அணிபவர் அதற்காக அடியும் வாங்கக்கூடும். ஹர்லியின் உடையில் இவ்விரண்டும் இல்லை. அதிலிருந்த ஊக்கு துணிவான அழகை மட்டுமே சுட்டியது. உருவம் அப்படியே இருக்க, முதற்பொருள் அங்கு நீங்கிவிட்டது.

2016 நவம்பர் 26 அன்று மெக்லாரன், வெஸ்ட்வுட் ஆகியோரின் மகன் ஜோ கோரே, தம்மிடமிருந்த பங்க் நினைவுப்பொருள்களைத் தேம்ஸ் ஆற்றில் ஒரு படகில் வைத்து எரித்தார். பங்க்கின் 40ஆம் ஆண்டை நிறுவனங்கள் கொண்டாடியதை எதிர்த்தே அவ்வாறு செய்தார். அப்பொருள்களின் மதிப்பு 50 லட்சம் பவுண்டு என்று கூறப்பட்டது. எதிர்ப்பின் சின்னங்கள் சேகரிப்பாளர்களின் சொத்தாகிவிட்டதை அத்தொகையே காட்டியது.

அதே ஆண்டு ஜூன் மாதம், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது குறித்த பொதுவாக்கெடுப்புக்குப் பின், குடியேறியவர்கள் மீதான வசைகள் செய்தியாயின. அவர்களுக்குத் துணை நிற்பதைக் காட்ட பிரிட்டனில் பலர் சட்டையில் வெறும் ஊக்கு ஒன்றை அணிந்தனர். சட்டையில் குத்துவதற்குச் செலவும் இல்லை, ஆபத்தும் குறைவு. அதனால் பயன் என்ன என்று சிலர் குறைகூறினர். இந்த ஊக்கு பங்க் இளைஞர்களின் கோபத்தைச் சொல்லவில்லை. எனினும், நாகரிகச் சந்தை பொன் பூசிய அதே பொருள், வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த மலிவான கம்பியாக மீண்டும் ஒரு பொதுக்கருத்தைத் தாங்கியது.