கல்லில் இருப்பது யாருடைய காதல்?

காதலர் தினத்தன்று பூங்காக்களில் ஜோடிகளை விரட்டியடிக்கிற கும்பல்களுக்கு நம் தரப்பிலிருந்து வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு: 'போய் கஜுராஹோவைப் பாருங்கய்யா.' கோயில் சுவரிலேயே காமத்தைச் செதுக்கி வைத்த மரபு நம்முடையது, கூச்சமெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்பது இந்தப் பதிலின் சாரம். கூட்டங்களில் நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். கைதட்டலும் கிடைத்திருக்கிறது. இப்போது யோசித்தால், கல்லை ஒழுங்காகப் பார்க்காமலேயே அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டோமோ என்று தோன்றுகிறது.

பதிலில் பாதி உண்மை. 1838இல் கஜுராஹோவுக்குப் போன பர்ட் என்கிற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் கோயில்களின் அழகை வியந்துவிட்டு, சிற்பி தேவைக்கு மேல் போய்விட்டான் என்று முகம் சுளித்துத்தான் எழுதினார். அந்தச் சுளிப்பு பின்னால் நம் படித்த வர்க்கத்தின் முகத்திலும் ஒட்டிக்கொண்டது. ஆனால் சுளிப்பு இல்லாத இடத்தில் சுதந்திரம் இருந்தது என்று எப்படி முடிவு கட்டுவது?

முதலில் வாசலிலிருந்து தொடங்குவோம். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை, கோயில் வாசற்காலில் என்னென்ன செதுக்க வேண்டும் என்று பட்டியல் தருகிறது. மங்கலப் பறவைகள், ஸ்வஸ்திகம், பூரண கும்பம், இலைக்கொடி, பூதகணங்கள். இவற்றோடு மிதுனம், அதாவது ஆண்பெண் இணை. கும்பத்துக்கும் கொடிக்கும் நடுவே காதலர்கள் நிற்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குடம் நிறைந்திருப்பதும் கொடி படர்வதும் எதைக் குறிக்கிறதோ அதையே இந்த இணையும் குறிக்கிறது: வளம், பெருக்கம், தீட்டு அண்டாமை. இரண்டு தனிமனிதர்கள் ஒருவரையொருவர் விரும்பினார்கள் என்ற கதை அங்கே இல்லை. நம் வீட்டு வாசலில் கட்டுகிற மாவிலை போலத்தான் அது.

கஜுராஹோவில் இந்த மங்கலக் குறி பெரிதாக வளர்கிறது. லட்சுமணர் கோயிலை எடுத்துக்கொள்வோம். சந்தேல அரசன் யசோவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டியது. மகன் தங்கன் காலத்துக் கல்வெட்டு 954ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாம் புகைப்படங்களில் பார்த்துப் பழகிய பெரிய புணர்ச்சிக் காட்சிகள் சுவரெங்கும் இறைந்து கிடப்பவை அல்ல. மண்டபமும் கருவறையும் சேருகிற சந்திச் சுவரில்தான் அவை மேலும் கீழுமாக அடுக்கப்பட்டுள்ளன. பிறகு வந்த விஸ்வநாதர் கோயிலிலும் கந்தரிய மகாதேவர் கோயிலிலும் அதே இடம்தான். ஆகவே இது ஏதோவொரு சிற்பியின் மன எழுச்சி அல்ல, முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட இடம். இரண்டு கட்டுமானங்கள் இணைகிற மூட்டு பலவீனமானது, காப்புத் தேவைப்படுவது. அந்த மூட்டில் இரண்டு உடல்களின் இணைவை வைத்தது கல்லில் செய்த சிலேடை என்று கலை வரலாற்றாளர் தேவாங்கனா தேசாய் விளக்குகிறார். தாந்திரிகம் என்று சொல்லிக் கடந்துவிடுவதைவிட இந்த விளக்கம் கட்டடத்தின் தர்க்கத்தோடு ஒட்டி நிற்கிறது.

இன்னொன்றும் கண்ணில் படும். கந்தரிய மகாதேவரில் தலைகீழாக நிற்கிற ஆணையும் அவனோடு கூடுகிற பெண்ணையும் இரண்டு பக்கமும் பெண்கள் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய விருப்பம் என்ன என்று கல் கேட்கவில்லை. ஒருவரின் இன்பத்துக்கு இன்னொருவரின் உடல் முட்டுக்கொடுக்கிற இந்த ஏற்பாடு அரண்மனையின் ஏற்பாடு. கோயிலைக் கட்டியவனும் அரசன்தான் என்பதை மறக்கக் கூடாது. அப்புறம், லட்சுமணர் கோயிலின் அடித்தள வரிசையில், குதிரையைப் புணர்கிற ஆணுக்கு அருகே ஒரு உருவம் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. வெட்கம் வெள்ளைக்காரனோடு கப்பலில் வந்தது என்கிறவர்கள் இந்த உருவத்தை என்ன செய்வார்கள்? எது பார்க்கத் தக்கது, எது தகாதது என்ற கோடு அன்றும் இருந்திருக்கிறது. அது வேறு இடத்தில் போடப்பட்டிருந்தது, அவ்வளவே.

கல்லில் இல்லாதது காத்திருப்பு, ஊடல், பொய், பயம். காதல் ஒரு கதையாக மாறுவதற்கு வேண்டிய இவையெல்லாம் சிற்றோவியங்களில் கிடைக்கின்றன. இடையில் பல நூற்றாண்டுகள், இடமும் வேறு: இமயமலை அடிவாரத்தின் சிறிய ராஜபுத்திர அரசான பசோலி. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே ஓவியர்கள் பானுதத்தரின் ரசமஞ்சரி என்ற சமஸ்கிருத நூலை ஏடு ஏடாகத் தீட்டினார்கள். அந்த நூல் ஒரு வகைப்பாட்டுப் பிரதி. நாயகி மூன்று வகை: தன் மனைவி, பிறர்க்குரியவள், பொதுமகள். ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவு. காதலிக்கிறவளுக்குப் பெயர் கிடையாது, வகை மட்டும்தான் உண்டு. அகத்திணையில் தலைவிக்குப் பெயர் சுட்டக் கூடாது என்று படித்த நமக்கு இது புதிதில்லை. ஏவலரும் வினைவலரும் ஐந்திணைக்கு வெளியேதான் காதலிக்கலாம் என்று தொல்காப்பியம் கோடு போட்டதும் நமக்குத் தெரியும். வகைப்படுத்துகிறவன் யாரை வகைக்குள் சேர்க்கிறான் என்பதில்தான் அதிகாரம் இருக்கிறது.

பசோலியின் முதல் ரசமஞ்சரித் தொகுதியில் நாயகன் கிருஷ்ணன். தட்டையான அடர்வண்ணப் பரப்பு, காதுவரை நீண்ட கண்கள், நகைகளில் மரகதத்துக்குப் பதிலாக ஒட்டிய பொன்வண்டுச் சிறகின் பச்சைத் துணுக்குகள். அடுத்து 1694-95இல் கிர்பால் பால் என்ற அரசனுக்காக தேவிதாசர் வரைந்த தொகுதியில் கிருஷ்ணன் விலகிவிடுகிறான். பெயரற்ற ஒரு பிரபு நாயகனாகிறான். சாமிக்கு அனுமதிக்கப்பட்டிருந்த களவு இப்போது பிரபுவுக்கும் அனுமதிக்கப்படுகிறது. பிரபுவின் வீட்டுப் பெண்களுக்கு? அவர்கள் அந்தப்புரத்துக்குள் முகத்திரையோடுதான் இருந்தார்கள். களவில் போகிற பெண்ணை ஏட்டில் ரசிப்பதும், அதே பெண் தன் வீட்டில் இருந்தால் காவல் போடுவதும் ஒரே கை செய்த காரியங்கள்.

ஆனாலும் இந்த வகைப்பாட்டுக்குள்ளேயே ஒரு ஓட்டை இருக்கிறது. பிறர்க்குரியவளின் உட்பிரிவுகளில் ஒன்று குப்தை, மறைப்பவள். உடம்பில் நகக்குறி. கேட்பார்களே, என்ன சொல்வது? அந்த அறையில் இனிமேல் படுக்கமாட்டேன், எலியைப் பிடிக்கப் பாய்ந்த பூனை என்னைப் பிறாண்டிவிட்டது என்கிறாள். மாமியார் கோபித்தாலும் பரவாயில்லையாம். பசோலி ஓவியர்கள் இந்தக் காட்சியையும் விடவில்லை. ரசிக்கிற பிரபுவுக்கு இது ஒரு நகைச்சுவை. நமக்கு இது ஆவணம். அந்தப் பொய்க்கு ஏன் அவசியம் வந்தது? உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாத்தனார், மாமியார், ஊர் என்று ஒரு கண்காணிப்பு வளையம் அவளைச் சுற்றி இருப்பதை அந்தப் பூனைதான் நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. வளையத்துக்கு நடுவிலும் அவள் தன் விருப்பத்தை விடவில்லை என்பதையும் அதே பூனை சொல்லிவிடுகிறது.

ஆகவே கஜுராஹோவைக் காட்டி நாம் நிரூபிக்கக்கூடியது குறைவு. காமத்தின் உருவம் புனிதத்துக்கு எதிரானதாகக் கருதப்படவில்லை என்று சொல்லலாம். யார் யாரை வேண்டுமானாலும் காதலித்தார்கள் என்று சொல்ல முடியாது. சாதி தாண்டிக் காதலித்ததற்காக உடுமலைப்பேட்டையில் 2016இல் நடுத்தெருவில் சங்கரை வெட்டினார்களே, அந்தக் கொலைக்கு எதிராகப் பேச அரசன் கட்டிய சுவரிலிருந்து நமக்கு அனுமதிச் சீட்டு எதற்கு? முன்னோர் ஒத்துக்கொண்டார்கள் என்று வாதாடினால், முன்னோர் ஒத்துக்கொள்ளாததை என்ன செய்வது என்ற கேள்விக்கு நாமே வழிவிட்டவர்களாவோம். துணை தேவையென்றால் பூனைமேல் பழி போட்ட அந்தப் பெயரில்லாதவளிடம் போகலாம். அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.