துண்டிப்புத் தொடர்புப்போக்கு

ஆராயப்படும் அளவு ஒரு வரம்பைத் தாண்டியவர்கள் மட்டுமே பதிவேட்டில் இடம்பெற்று, தாண்டாதவர்கள் எத்தனை பேர், எத்தகையோர் என்பதுகூடத் தெரியாத நிலையில், கிடைத்த பகுதியிலிருந்து முழுச் சமுதாயத்துக்கும் பொருந்தும் காரண காரிய விகிதத்தைக் கணிக்கும் புள்ளியியல் முறைக்குத் துண்டிப்புத் தொடர்புப்போக்கு என்று பெயர். இதற்கு நெருங்கிய உறவுடையதாயினும் வேறானது மறைப்பு நிலை. அங்கே வரம்புக்கு அப்பாற்பட்ட ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு வரி இருக்கும், அவருடைய வயது, தொழில் முதலிய விவரங்களும் இருக்கும், ஆராயப்படும் அளவு மாத்திரம் ‘வரம்புக்கு அப்பால்’ என்றோ வரம்பின் எண்ணாகவோ எழுதப்பட்டிருக்கும். ஆளே இல்லாமற்போவது துண்டிப்பு. ஆள் இருந்து அளவு இல்லாமற்போவது மறைப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஒரே சூத்திரத்தால் கணிப்பது, இத்துறையில் அடிக்கடி நேரும் பிழையாகும்.

இவ்விஷயத்தை முதன்முதல் ஆராய்ந்தவர் பிரான்சிஸ் கால்டன். அமெரிக்காவின் துள்ளோட்டப் பந்தயக் குதிரைகளின் வேகத்தைக் கொண்டு பாரம்பரியத்தை ஆராய விரும்பி 1897இல் அவர் பதிவேடுகளை எடுத்தபோது, ஒரு மைலை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடிய குதிரைகளுக்கு மட்டுமே அவற்றில் இடமிருந்ததையும், தோற்ற குதிரைகளின் தொகை யாருக்கும் தெரியாததையும் கண்டார். பதிவான நேரங்களில் மிகுதியாக வந்ததையே முழுக் குதிரைக் கூட்டத்தின் சராசரியாகக் கொண்டு அவர் மேலே சென்றார். அதில் திருப்தியடையாத கார்ல் பியர்சன், 1902இலும் பின்னர் ஆலிஸ் லீயுடன் சேர்ந்து 1908இலும் வேறு வழிகளைக் கண்டார். 1931இல் ரொனால்டு ஃபிஷர் மீப்பெரு சாத்தியக்கூறு முறையால் இக்கணக்கைத் தீர்த்தார். ஆயினும் துண்டிப்பையும் மறைப்பையும் பெயரிட்டுப் பிரித்துக் காட்டும் வழக்கம், டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஹால்டு 1949இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே நிலைபெற்றது.

குதிரைகளைவிட நமக்கு அண்மையிலுள்ள சான்று திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிக் கல்கத்தா நெடுஞ்சாலையில் அமைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில், இரும்புருக்காலைகளும் உருட்டாலைகளும் வார்ப்படச்சாலைகளும் ஒருபுறம் இருக்க, அவற்றுக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகளும் அப்பிரதேசத்தில் இயங்கி வருகின்றன. இவற்றில் எவையெவை அரசின் கண்ணில் ‘தொழிற்சாலை’ என்பதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வரையறுத்தது: முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஏதேனும் ஒரு நாளிலாவது மின்விசையின் உதவியுடன் 10 பேருக்குக் குறையாமலோ, விசையின்றி 20 பேருக்குக் குறையாமலோ வேலை செய்த இடமே தொழிற்சாலை. இச்சட்டப்படி பதிவு பெற்றவற்றின் பட்டியலையே அடிப்படையாகக் கொண்டு, 1959 முதல் ஆண்டுத் தொழில் அளவாய்வு நடைபெற்று வருகிறது. இந்த அளவாய்வின் ஏடுகளைப் புரட்டும் ஆராய்ச்சியாளருக்கு ஒன்பது பேர் வேலை செய்யும் பட்டறை தென்படுவதில்லை. அப்படியொரு பட்டறை உண்டென்பதற்கான குறிப்பும் அங்கில்லை.

இதனால் விளையும் கேட்டை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பின்வரும் எண்கள் அளந்து கண்டவையல்ல, விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை. பட்டறையின் மின் இணைப்பு 10 குதிரைத்திறன் கூடுந்தோறும் ஆள்தொகை சராசரியாக 2 கூடுகிறதென்றும், 10 குதிரைத்திறனுள்ள பட்டறைகளில் சராசரி 6 பேர், 30இல் 10 பேர், 50இல் 14 பேர் இருக்கிறார்களென்றும், தனித்தனிப் பட்டறைகள் இச்சராசரியிலிருந்து இயல்நிலைப் பரவலாக 4 என்னும் திட்டவிலக்கத்துடன் மேலும் கீழும் விலகுகின்றன என்றும் கொள்வோம். இப்போது 10 பேருக்குக் குறைந்தவை அனைத்தையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால், எஞ்சியவற்றின் சராசரி வருமாறு:

E(y | y ≥ 10) = μ + σ · φ(α) / (1 − Φ(α)),  α = (10 − μ) / σ

இங்கே μ அவ்வளவு விசையுள்ள பட்டறைகள் அனைத்தின் சராசரி, σ திட்டவிலக்கம், φ, Φ இரண்டும் இயல்நிலைப் பரவலின் அடர்த்தியும் திரட்டும் ஆகும். 10 குதிரைத்திறன் பட்டறைகளில் நூற்றுக்கு 84 பட்டியலுக்கு வெளியே போய்விடுகின்றன; உள்ளே நிற்கும் 16உம் தற்செயலாக ஆள் மிகுந்தவையாதலால் அவற்றின் சராசரி 6 அன்று, 12.1. முப்பதில் பாதி வெளியேறி, சராசரி 13.2 ஆகிறது. ஐம்பதில் நூற்றுக்கு 16 மட்டுமே வெளியேறுவதால் சராசரி 15.2 என்று உண்மைக்கு நெருங்கி வருகிறது. பத்திலிருந்து ஐம்பதுக்குச் செல்லும்போது உண்மையில் 8 பேர் கூட வேண்டிய இடத்தில் பதிவேடு ஏறத்தாழ 3 பேரையே காட்டுகிறது. பட்டியலில் கண்டதைக் கண்டவாறே எடுத்து மீச்சிறு வர்க்க முறையால் கோடு வரைபவர், மின்விசைக்கும் வேலைவாய்ப்புக்கும் உள்ள சம்பந்தம் மிகவும் மெலிந்ததென்று நம்பிவிடுவார். பட்டியல் எவ்வளவு நீண்டதாயினும் இப்பிழை குறையாது. பட்டறைகளை ஆள்தொகையால் பிரிக்காமல், 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்டவை என்று விசையைக் கொண்டே பிரித்திருந்தாலோ, கோட்டின் சரிவு சிறிதும் கெடாது. கேடு விளைவது விளைவின்மேல் கத்தி வைக்கும்போதுதான்.

துண்டிப்பு முறை செய்யும் திருத்தம் எளிது. ஒவ்வொரு பட்டறைக்கும், அதன் ஆள்தொகை அமைவதற்குரிய அடர்த்தியை, அத்தகைய பட்டறை வரம்பைத் தாண்டுவதற்குரிய நிகழ்தகவால் வகுத்து, அவ்வாறு வந்த எண்களின் பெருக்கத்தைப் பெரிதாக்கும் சரிவையும் திட்டவிலக்கத்தையும் தேடிக் காண்பதே அது. சிறு விசையுள்ள பட்டறைகள் பட்டியலில் தப்பி நிற்பது அரிதென்பதை அந்த வகுத்தல் நினைவில் கொண்டு, ஒவ்வொன்றையும் அதற்குரிய நிலையில் வைத்து மதிப்பிடுகிறது.

மறைப்பு நிலையை அறிய, அதே வளாகத்தின் வேறொரு ஏட்டைப் பார்க்க வேண்டும். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக்கான ஊதிய உச்சவரம்பு 2014 செப்டம்பரில் 15,000 ரூபாயாக்கப்பட்டது. அதற்கு மேல் சம்பளம் வாங்குவோர் பலருக்கும் நிர்வாகங்கள் 15,000 ரூபாய்க்கே சந்தா கட்டியதால், 18,000 வாங்கியவரும் 40,000 வாங்கியவரும் ஏட்டில் 15,000 என்றே நின்றார்கள். ஆனால் அவர்கள் நின்றார்கள். பெயரும் வயதும் சேர்ந்த தேதியும் உண்டு, வரம்பில் எத்தனை பேர் குவிந்தார்கள் என்று எண்ணவும் இயலும். இதற்கு மாறாக, ஊழியர் அரசுக் காப்பீட்டில் 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய் என்ற வரம்பைத் தாண்டியவர், நடப்புச் சந்தாப் பருவம் முடிந்ததும் ஏட்டைவிட்டே நீங்கிவிடுவார். முன்னது மறைப்பு, பின்னது மேற்பக்கத் துண்டிப்பு. ஒரே வார்ப்படச்சாலையின் ஊதியத்தை ஆராய்பவர் கையில் எந்த ஏடு இருக்கிறதோ, அதற்கேற்பவே கணிதமும் மாற வேண்டும்.

மறைப்புக்குரிய கணிதத்தைப் பொருளாதாரத்துக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் டோபின். பல குடும்பங்கள் நீடித்துழைக்கும் பண்டங்களுக்கு ஒரு காசும் செலவிடாதிருப்பதைக் கண்ட அவர், 1958இல் வெளியிட்ட முறையில், வரம்பில் நிற்பவருக்கு ‘வரம்புக்குக் கீழே இருப்பதற்குரிய நிகழ்தகவை’யும், ஏனையோருக்கு அடர்த்தியையும் வைத்துப் பெருக்கினார். அதற்கு டோபிட் என்ற பெயர் பின்னர் வழங்கலாயிற்று. துண்டிப்புத் தொடர்புப்போக்கின் முக்கியச் சான்றோ 1977இல் ஜெரி ஹாஸ்மனும் டேவிட் வைஸும் எழுதியது. நியூ ஜெர்சியில் நடந்த வருமான உதவிப் பரிசோதனைக்கு வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்குக்கு உட்பட்ட வருமானமுடைய குடும்பங்களையே தேர்ந்திருந்தமையால், கல்வி சம்பாத்தியத்தை உயர்த்தும் அளவு அங்கே வெகுவாகக் குறைந்து தோன்றியதை அவர்கள் நிறுவினர். இவ்விரு கிளைகளையும் ஒருங்கே தொகுத்து 1983இல் நூலாக்கியவர், ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற ஜி. எஸ். மதாலா.

மறைப்பைவிடத் துண்டிப்பு இடர் மிக்கது என்பதே என் அபிப்பிராயம். மறைப்பில், 10 குதிரைத்திறன் பட்டறைகள் நூற்றில் 84 வரம்புக்குக் கீழே என்பது கண்ணால் கண்ட செய்தி. துண்டிப்பில் அந்த 84, பரவல் இயல்நிலையானது என்ற அனுமானத்திலிருந்து மட்டுமே பிறக்கிறது. வால்பகுதியின் வடிவம் வேறாக இருப்பின் விடையும் வேறாகிவிடும். ஆள்தொகை போன்றவை ஒருபக்கம் நீண்ட பரவலுடையன ஆதலால், அவற்றின் மடக்கையை எடுத்துக்கொள்வதே வழக்கம். மேலும், துண்டிக்கப்பட்ட ஏட்டுக்கு டோபிட் முறையைப் பயன்படுத்தினால் கணிப்பொறி மறுப்புச் சொல்லாது. மறைக்கப்பட்டவர் ஏறக்குறைய யாரும் இல்லாமையால், சாதாரண மீச்சிறு வர்க்கக் கோட்டையே சிறிது மாற்றித் திருப்பித் தரும். இரண்டு முறைகளின் சரிவும் ஏறத்தாழ ஒன்றாக வந்தால், திருத்தம் நிகழவேயில்லை என்று ஐயுறவேண்டும்.

கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் வெட்டு நேர்த்தியாகவும் இராது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு நாள் 10 பேர் இருந்தாலே பதிவு செய்ய வேண்டியிருந்ததாலும், அளவாய்வு எழுதுவது ஆண்டின் சராசரி ஆள்தொகையை என்பதாலும், பதிவு பெற்ற பின் ஆளைக் குறைத்த ஆலைகள் பட்டியலில் தொடர்வதாலும், 10க்குக் குறைந்தவையும் சில அதில் காணப்படும். எதிர்த்திசையிலும் ஒரு கோளாறு உண்டு. சட்டத்தின் கடமைகளைத் தவிர்க்க ஒன்பதிலேயே நின்றுவிடும் பட்டறைகளும், பத்தை ஒன்பதென்று சொல்பவையும் இருக்கக்கூடும். 2005ஆம் ஆண்டுப் பொருளாதாரக் கணக்கெடுப்பை ஆராய்ந்த அமிராபு, கெக்டர் என்ற இருவர், இந்திய நிறுவனங்களின் எண்ணிக்கை 10 பேர் என்ற இடத்தில் சட்டென்று இறங்குவதைக் காட்டியிருக்கிறார்கள். வெட்டுக்கு அருகில் உள்ள பரவலே சட்டத்தால் நெளிந்திருக்கும்போது, அந்த நெளிவை நம்பி வெளியில் உள்ளவற்றைக் கணிப்பது தவறான விடையையே தரும்.

இதனைக் கண்டறிய ஒரு நேர்மையான சோதனை உண்டு. ஆராய்ச்சியாளரே வரம்பை 15க்கு உயர்த்தி, 10 முதல் 14 வரையுள்ள ஆலைகளைத் தாமே விலக்கிவிட்டு, 15 என்ற புதிய வரம்புடன் மறுபடி கணிக்க வேண்டும். மேலும் 20க்கு உயர்த்தியும் பார்க்க வேண்டும். அனுமானம் சரியாயின் துல்லியம் குறையுமேயன்றிச் சரிவு பெரிதும் மாறாது. வரம்பை உயர்த்த உயர்த்தச் சரிவு ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் பரவலின் வடிவம் பிழையென்று கொள்ளலாம். இரண்டாவது சோதனை, எல்லா நிறுவனங்களையும் எண்ணும் பொருளாதாரக் கணக்கெடுப்பின் துணையால் ஆவது: அதில் மின் இணைப்பின் அளவு கிடைக்காவிடினும், 10 பேருக்குக் குறைந்தவை எத்தனை என்பது கிடைக்கும், துண்டிப்புக் கணிதம் முன்னுரைக்கும் எண்ணிக்கையோடு அதை ஒப்பிடலாம்.

தொழிற்சாலை என்பதற்கான வரம்பை 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு விசையுடன் 20 என்றும் விசையின்றி 40 என்றும் உயர்த்தியது. பழைய சட்டப்படி திரட்டிய ஏடுகளையும் புதிய வரையறையால் திரட்டும் ஏடுகளையும் ஒரே கோட்டில் ஒப்பிட விரும்புவோர், பழையவற்றில் விசையுடைய ஆலைகளில் 10 முதல் 19 வரையுள்ளவற்றைத் தாமே நீக்கி, இரு காலத்துக்கும் 20 என்ற வரம்பையே கணிதத்தில் இட்டுக் கணிக்க வேண்டும்; அங்ஙனம் செய்யாவிடின், வரம்பு மாறியதனால் தோன்றும் வேறுபாடு, தொழிலில் நேர்ந்த மாறுதலைப் போலக் காட்சியளிக்கும்.