டி.சி. சொல்லாததை இந்தக் கடிதம் சொல்லும்: ஸ்கூல் மாறும் 7 வயசுக் குழந்தைக்கு என்ன எழுதணும்?

வேலை மாற்றத்தால் பெங்களூருவிலிருந்து புனேவுக்குப் போகிறீர்கள். மகன் இரண்டாம் வகுப்பு. கையில் இருக்கும் டி.சி.யில் பெயர், பிறந்த தேதி, வகுப்பு எல்லாம் இருக்கும். ஆனால் அவன் எப்படிப் படிக்கிறான் என்பது இருக்காது. அதைப் பழைய டீச்சர்தான் புது டீச்சருக்கு எழுத வேண்டும். இது சட்டப்படி கட்டாயமில்லை, நாம்தான் கேட்டு வாங்கணும்.

என்ன எழுதணும்?

மார்க் அல்ல, கண்ணால் பார்த்தது. ஒரு கற்பனை உதாரணம்: ‘கணக்கில் வீக்’ என்று எழுதினால் புது டீச்சருக்கு எதுவும் புரியாது. இப்படி எழுதினால் புரியும்:

“27+15 கொடுத்தால் 312 என்று எழுதுகிறான். 7+5=12, 2+1=3 என இரண்டையும் சரியாகத்தான் கூட்டுகிறான். 12-இல் உள்ள பத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகத் தெரியவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுத்தால் 42 என்று சரியாகச் சொல்கிறான்.”

இதில் தவறு, அதன் காரணம், எந்த உதவி பலித்தது என்ற மூன்றும் இருக்கிறது. புது டீச்சர் முதல் நாளே குச்சியை எடுக்கலாம். இல்லையென்றால் ஒற்றை இலக்கக் கூட்டலிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார், பையனுக்கு போரடிக்கும்.

மொழியும் அப்படித்தான். மகாராஷ்டிரப் பள்ளிகளில் மராத்தி கட்டாயம். அவனுக்கு அந்த எழுத்தே புதுசு. “வீட்டில் தமிழ். ஆங்கிலக் கதையைக் கேட்டு வரிசை மாறாமல் திருப்பிச் சொல்வான். தேவநாகரி எழுத்து தெரியாது” என்று எழுதியிருந்தால், மராத்தி பீரியடில் அவன் மௌனமாக இருப்பதை ‘மந்தம்’ என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

தேவைகளை எப்படிச் சொல்வது?

“இடது காது சரியாகக் கேட்காது. வகுப்பின் இடது ஓரத்தில் உட்கார வைத்தால் வலது காது டீச்சர் பக்கம் இருக்கும்.” இது போதும். இந்த வரி இல்லாவிட்டால் ‘கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான்’ என்ற புகார்தான் வரும். உடல்நல விவரத்தைப் பெற்றோர் சம்மதத்தோடு மட்டுமே எழுத வேண்டும்.

எதை எழுதக் கூடாது?

‘டிஸ்லெக்ஸியா இருக்கலாம்’ போன்ற ஊகம் வேண்டாம். கற்றல் குறைபாட்டுக்கான 2018 மத்திய அரசு வழிகாட்டுதலே, மூன்றாம் வகுப்பு அல்லது 8 வயதில்தான் பள்ளிகள் ஸ்கிரீனிங் செய்யணும் என்றது. “‘ship’-இல் ‘sh’-ஐ இரண்டு தனி ஒலியாகப் படிக்கிறான்” என்று பார்த்ததை மட்டும் எழுதலாம்.

எப்போது வாங்கணும்?

கடைசி வாரத்தில், தேதியோடு. இந்த வயதில் ஒரே கோடை விடுமுறையில் நிறைய மாறும். அதனால் புது டீச்சர் முதல் இரண்டு வாரத்தில் அதே 27+15-ஐக் கொடுத்துப் பார்க்க வேண்டும். விடை 42 என்று வந்தால், அந்தப் பத்தியை அடித்துவிடலாம்.